இடப்பக்கம் வருபவர் குரல் கொடுக்கவும்

என்னைக் கட்டின அந்த ஆள் என் இடது கண்ணை எடுத்தது கத்தியால் அல்ல, வண்டிச் சாவியால். விரல்களுக்கு நடுவே சாவியை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு ஓங்கி ஒரு குத்து. என்ன காரணம் என்று கேட்டால் வயிறு எரியும். சாப்பாடு ஆறிப்போயிருந்ததாம். ஆறின சோற்றுக்கு ஒரு கண். கன்னத்தில் சூடாக என்னமோ வழிந்தது. ரத்தம் என்றுதான் நினைத்தேன். ரத்தம் மட்டும் இல்லை என்று ஆஸ்பத்திரியில்தான் சொன்னார்கள்.

கிழிந்த கண்ணைத் தைத்துப் பார்த்தார்கள். தேறவில்லை. எடுத்துவிட்டார்கள். புண் ஆறிய பிறகு அந்தக் குழியில் செயற்கைக் கண் பொருத்தினார்கள். பார்க்க என்னமோ நன்றாகத்தான் இருக்கும். சிலர் எது பொய்க் கண் என்று கண்டுபிடிக்க என் முகத்தையே வெறிப்பார்கள். "என்ன, விலை கேக்கப் போறீங்களா?" என்பேன். ஓடிப்போவார்கள்.

கண் டாக்டரம்மா கறாரான பேர்வழி. நான் அழுதுகொண்டிருந்தபோதுகூட மூக்கைச் சிந்து என்று துணியைக் கொடுத்துவிட்டு விஷயத்தைத்தான் பேசினார்.

"போனது போச்சு. இனிமே அந்த வலது கண்தான் உன் சொத்து. பவர் இருந்தாலும் இல்லாட்டாலும் கண்ணாடி போடணும். சும்மா கண்ணாடி இல்ல, பாலிகார்பனேட் லென்ஸ். அடிச்சாலும் சில்லு சில்லா உடையாது. காலைல எந்திரிச்சதும் போட்டா, படுக்கும்போதுதான் கழட்டணும்."

"எனக்குக் கண்ணாடி போட்டா மூக்கு வலிக்கும் டாக்டர்."

"கண்ணு போனா மூக்கு வலிக்காது, பரவாயில்லையா?"

அன்றைக்கே கண்ணாடிக்கு அளவு கொடுத்தேன்.

நான் வேலை செய்வது கண்ணாடிக் கடையில். முகத்துக்குப் போடும் கண்ணாடி இல்லை. ஜன்னல், அலமாரி, மேசைக்கு வெட்டிக் கொடுக்கும் பெரிய கண்ணாடி. கடை அண்ணனுடையது. எனக்கு முன்னால் பிறந்தவன் என்பதைத் தவிர என்னிடம் அவனுக்குப் பெருமைப்பட ஒன்றும் கிடையாது. ஆனால் அந்த ஆள் வீட்டிலிருந்து என்னை அள்ளிக்கொண்டு வந்து ஆஸ்பத்திரியில் போட்டவனும், "இனிமே என் வீடுதான் உன் வீடு" என்று சொன்னவனும் அவன்தான்.

முதல் சில மாதங்கள் நான் பட்ட பாடு இருக்கிறதே! ஒரு கண் போனால் பாதி உலகம் போய்விடும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. இடது ஓரத்தில் ஒரு பக்கம் மறைந்துபோகும், அவ்வளவுதான். பெரிய வம்பு வேறு. எது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று தெரியாது. அதுவும் கைக்கெட்டும் தூரத்தில்தான் மோசம். அண்ணனுக்கு டீ ஊற்றினேன். டம்ளருக்கு முன்னாலேயே ஊற்றி அவன் மடியை நனைத்துவிட்டேன். "அம்மாடி!" என்று அவன் துள்ளிய துள்ளலில் அண்ணி சிரித்துச் சிரித்துப் புரையேறிப் போனாள். நான் அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன்.

டாக்டரம்மா சொல்லிக்கொடுத்தார். முதலில் தொடு, அப்புறம் ஊற்று. கெட்டிலின் மூக்கு டம்ளர் விளிம்பில் உட்கார்ந்த பிறகு சாய்க்க வேண்டும். படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, குதிகாலை மேல்படியில் உரசி இறக்க வேண்டும். யாராவது எதையாவது நீட்டினால் பாய்ந்து பிடிக்காதே, கையை நீட்டிக் காத்திரு, அவர்கள் வைக்கட்டும். தூரம் தெரியவில்லையா, தலையைப் பக்கவாட்டில் மெல்ல அசை. பக்கத்தில் இருப்பது அதிகம் நகரும், தள்ளி இருப்பது குறைவாக நகரும். நிழல் எங்கே விழுகிறது என்று பார். எது எதை மறைக்கிறது என்று பார். "புறா பண்றதைப் பாரு, அதையே பண்ணு" என்றார். அன்றிலிருந்து நான் புறா.

கடையில் அண்ணனிடம் ஒரே ஒரு சட்டம் போட்டேன். என் இடப்பக்கம் வருகிறவர்கள் குரல் கொடுக்க வேண்டும். சும்மா வந்து நின்றால் எனக்குத் தெரியாது. கையில் கண்ணாடித் தகடோடு நான் திரும்பினால் யார் குடலையாவது உருவிவிடுவேன். அண்ணன் முதலில் கேலி பண்ணினான். ஒருநாள் என் முழங்கை அவன் தாடையில் மோதிப் பல் ஆடியது. மறுநாள் அவனே ஒரு பலகையில் பெரிதாக எழுதி மாட்டிவிட்டான்: இடப்பக்கம் வருபவர் குரல் கொடுக்கவும். அதன் பிறகு தூரத்திலிருந்தே "இடப்பக்கம்! இடப்பக்கம் நான்தான்!" என்று ரயில் மாதிரி கத்திக்கொண்டு வருவான்.

எல்லாவற்றுக்கும் ஒத்துக்கொண்டவன் ஒன்றுக்கு மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. வண்டி.

கண் போவதற்கு முன்னால் கடையின் சின்ன வேனை நான்தான் ஓட்டுவேன். டாக்டரம்மா பல மாதம் ஸ்டியரிங்கைத் தொடவே கூடாது என்றார். மூளை புதுசாகக் கற்றுக்கொள்ள நேரம் வேண்டுமாம். தொடவில்லை. பிறகு பக்கப் பார்வை எவ்வளவு என்று சோதித்தார்கள். உரிமம் கொடுக்கும் ஆபீஸில் மறுபடி ஓட்டிக் காட்டச் சொன்னார்கள். ஓட்டிக் காட்டினேன். லாரி, பஸ் ஓட்டக் கூடாது, இந்த வேன் ஓட்டலாம் என்று கொடுத்தார்கள். இடப்பக்கம் அகலமான கண்ணாடி மாட்டினேன். முன்னால் நிற்கும் வண்டியின் பின்சக்கரம் ரோட்டைத் தொடுவது தெரிகிற இடத்திலேயே நிறுத்திவிடுவேன். இடது பக்கம் திரும்ப வேண்டுமென்றால் கண்ணாடியை மட்டும் நம்ப மாட்டேன். தாடை தோளைத் தொடுகிற அளவுக்குத் தலையைத் திருப்பி ஒரு தரம் பார்ப்பேன். மழை இருட்டில் எடுக்கவே மாட்டேன்.

"நீ ஓட்டுறது உன் இஷ்டம். நான் அதுல ஏறமாட்டேன். ஒத்தக் கண்ணை வச்சிக்கிட்டு ஓட்டுறவ பக்கத்துல உக்கார எனக்கு என்ன பைத்தியமா?" என்றான் அண்ணன்.

"ரெண்டு கண்ணை வச்சிக்கிட்டு நீ எத்தன தரம் கேட்டுல இடிச்ச?" என்றேன்.

"அது கேட்டு சின்னது."

அவன் ஏறவே இல்லை. சரக்கு என்னோடு போகும், அவன் பின்னால் பஸ்ஸில் வருவான். எனக்கு அது சாவிக் குத்தைவிட வலித்தது. வெளியில் சொல்லவில்லை.

அந்த ஆள் ஜாமீனில் வெளியே வந்தான். என் பக்கமே வரக் கூடாது என்று கோர்ட் சொல்லியிருந்தது. அடுத்த வாரம் நான் கூண்டில் ஏறிச் சாட்சி சொல்ல வேண்டும். யார் போனிலிருந்தோ கூப்பிட்டான்.

"கதவுல இடிச்சிக்கிட்டேன்னு சொல்லு. அடிச்சதை நான் பாக்கலைன்னு சொல்லு. முடிஞ்சுபோச்சு."

"சொல்லலைன்னா?"

"இன்னொண்ணு மிச்சம் இருக்குல்ல?"

போனை வைத்தேன். பொய் சொல்ல மாட்டேன், எனக்குப் பயம்தான். ஒரு கண்ணோடு புறாவாக வாழலாம். அதுவும் போனால்? கண்ணாடி வெட்ட முடியாது, வண்டி ஓட்ட முடியாது, அண்ணி முகம்கூடத் தெரியாது. போலீஸில் போய்ச் சொன்னோம். பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். அண்ணன் கடை வாசலில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார ஆரம்பித்தான்.

நல்ல வெயில் நேரம். மேசைமேல் ஒரு பெரிய தகடு. கட்டரை மண்ணெண்ணெயில் தொட்டு, ஒரே இழுப்பில் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். கிர்ர்ரென்று அந்தச் சத்தம் நடுவில் நிற்கக் கூடாது. அண்ணன் பின்கட்டில் கை கழுவிக்கொண்டிருந்தான். கழுவும் சத்தம் கேட்டது. அப்போது தகட்டின்மேல் இடது ஓரத்திலிருந்து ஒரு நிழல் ஏறியது. குரல் இல்லை.

இந்தக் கடையில் குரல் கொடுக்காமல் என் இடப்பக்கம் வருகிறவர்கள் யாரும் கிடையாது. நான் யோசிக்கவே இல்லை. அப்படியே பின்னால் சாய்ந்தேன். வண்டி தூக்கும் ஜாக்கிக் கம்பி ஒன்று என் மூக்குக்கு முன்னால் இறங்கி மேசையில் விழுந்தது. தகடு வெடித்துச் சிதறியது. டிக், டிக்கென்று சில்லுகள் என் கண்ணாடியில் வந்து அடித்தன. கன்னம் கிழிந்தது, உதடு கிழிந்தது. கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை.

"வாடி ஒத்தக்கண்ணி" என்றான் அந்த ஆள்.

அளவுக் கட்டையை எடுத்துச் சுழற்றினேன். கனமான மரக் கட்டை அது. அவன் மண்டையில் படும் என்று நினைத்தேன். ஒரு சாண் முன்னாலேயே காற்றை வெட்டிக்கொண்டு போனது. தூரம் ஏமாற்றிவிட்டது. அவன் சிரித்தான். மறுபடி கம்பியை ஓங்கினான்.

முதலில் தொடு, அப்புறம் ஊற்று. இடது கையை நீட்டி அவன் சட்டைக் காலரைக் கொத்தாகப் பிடித்தேன். இப்போது அவன் எங்கே இருக்கிறான் என்று எனக்குக் கண் சொல்ல வேண்டியதில்லை, என் கையே சொன்னது. கட்டையின் நுனியால் வாயில் குத்தினேன். ஏதோ உடைந்த சத்தம் கேட்டது. மறுபடி குத்தினேன். "ஆறின சோறாடா? ஆறின சோறாடா?" என்று கத்தினேன். எனக்கே என் குரல் அடையாளம் தெரியவில்லை. அவன் வாய் ரத்தம் என் கையெல்லாம் வழிந்தது. நல்லா இருந்தது. ஆமாம், நல்லாத்தான் இருந்தது.

அவன் கம்பியின் அடிப்பக்கத்தால் என் விலாவில் இடித்தான். மூச்சு நின்றுபோய் விழுந்தேன். அண்ணன் ஈரக் கையோடு பாய்ந்து வந்து அவனைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்தான். இரண்டு பேரும் சுழன்று, சாய்த்து வைத்திருந்த தகடுகள்மேல் போய் விழுந்தார்கள். முதல் தகடு உடைந்து அண்ணனின் வலது கையில் இறங்கியது. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் வாய் பிளந்த மாதிரி திறந்துகொண்டது. ரத்தம் பீய்ச்சி அடித்தது. அந்த ஆள் அவனை உதறித் தள்ளிவிட்டு கம்பியோடு வாசல் பக்கம் ஓடினான். வெளியே பைக் கிளம்பும் சத்தம் கேட்டது.

மேசைத் துணியைச் சுருட்டி வெட்டின்மேல் வைத்து அழுத்தினேன். அதன்மேல் என் துப்பட்டாவை இறுக்கிச் சுற்றினேன். ஆம்புலன்ஸுக்குப் போன் அடித்தேன். வேறு விபத்துக்குப் போயிருக்கிறது, நேரமாகும் என்றார்கள். துணி அதற்குள் நனைந்துவிட்டது. அண்ணன் உதடு வெளுத்துக்கொண்டே வந்தது.

"ஏறு வண்டில" என்றேன்.

"ஆட்டோ..."

"ஏறுடா!"

பிறந்ததிலிருந்து அவனை 'டா' போட்டது அதுதான் முதல் தரம். ஏறினான். என் இடப்பக்கம், நான் பார்க்க முடியாத பக்கம், அண்ணன் முதன்முதலாக உட்கார்ந்தான். கையைத் தலைக்கு மேலே தூக்கி அழுத்திப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். கண்ணாடியில் ஒட்டியிருந்த ரத்தத்தைச் சுடிதார் நுனியால் துடைத்தேன். வண்டியை எடுத்தேன்.

வேகமாக ஓட்ட வேண்டும் என்று காலெல்லாம் துடித்தது. ஓட்டவில்லை. அவசரத்தில்தான் தூரம் ஏமாற்றும். முன்வண்டியின் பின்சக்கரம், ரோடு, இடைவெளி. முனையில் தலையைத் திருப்பினேன். அதற்குள் அண்ணன் முனகினான். "இடப்பக்கம் காலி. போ." அடுத்த முனை. "இடப்பக்கம் சைக்கிள். இரு... போயிட்டான். போ." கேட்டுக்குக் கேட்டு இடிக்கிற மனுஷன் எனக்குக் கண்ணாக உட்கார்ந்திருந்தான். அழுதால் பார்வை மங்கும் என்று அடக்கிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரிக்குச் சற்று முன்னால் வண்டிகள் அடைத்துக்கொண்டு நின்றன. ஆஸ்பத்திரி வாசல் இடது கைப்பக்கம் கண்ணுக்கெதிரே தெரிந்தது. ரோட்டு ஓரமாக இரும்புத் தடுப்பு. ஹாரன்மேலேயே கையை வைத்திருந்தேன். அண்ணன் பேச்சு நின்றுவிட்டது. "அண்ணா? அண்ணா!" பதில் இல்லை. தலை சாய்ந்துவிட்டது.

குரல் கொடுக்க ஆள் இல்லாதபோது இடது பக்கக் கதவுக் கண்ணாடி உடைந்தது.

பொடிப் பொடியாக அண்ணன்மேல் கொட்டியது. நான் பாதி திரும்பும்போதே கம்பி அவன் தலைக்கு மேலே நுழைந்து வந்து என் முகத்தில் குத்தியது. நேராக வலது கண். டம்மென்று மண்டைக்குள் ஒரு சத்தம். கண்ணாடிச் சட்டம் நசுங்கி மூக்குத்தண்டைக் கிழித்தது, புருவம் பிளந்தது. எல்லாம் கறுத்தது. போச்சு என்று நினைத்தேன். அவ்வளவுதான், முடிந்தது, இனி இருட்டு. 'கடவுளே' என்றுகூடச் சொல்ல வரவில்லை.

பிறகு வெளிச்சம் வந்தது. லென்ஸின் குறுக்கே ஒரு வெள்ளைக் கீறல். அதன் வழியாக ஸ்டியரிங் தெரிந்தது, என் கை தெரிந்தது. லென்ஸ் உடையவில்லை.

தாடை தோளைத் தொடுகிற அளவுக்குத் தலையை முழுக்கத் திருப்பினேன். அவனைப் பார்த்தேன். வேனுக்கும் இரும்புத் தடுப்புக்கும் நடுவில் பைக்கை நிறுத்தி, ஒரு காலை ஊன்றிக்கொண்டு நின்றான். வாயில் முன்பற்கள் இல்லை. கம்பியைப் பின்னுக்கு இழுத்து மறுபடி குறிபார்த்துக்கொண்டிருந்தான். இந்தத் தடவை கண்ணாடிச் சட்டத்துக்கும் கன்னத்துக்கும் நடுவிலிருந்த இடுக்கைப் பார்த்தான். கற்றுக்கொண்டுவிட்டான். நான் இடது பக்கம் பார்க்க மாட்டேன் என்று நம்பியவன், நான் பார்த்ததும் ஒரு நிமிஷம் திகைத்தான். தலையை லேசாக அசைத்தேன். அவன் நகர்ந்தான், பின்னாலிருந்த தடுப்பு அவ்வளவாக நகரவில்லை. இடைவெளி எவ்வளவு என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

ஸ்டியரிங்கை இடது பக்கம் முழுக்க ஒடித்து மிதித்தேன்.

பைக் நொறுங்கும் சத்தம் கேட்டது. அதற்கடுத்து அவன் சத்தம். கம்பி அண்ணன் மடியில் விழுந்தது. நான் காலை எடுக்கவில்லை, அவன் இரண்டு கையும் வெறுங்கையாக வேன் கூரையை அடிக்கிற வரைக்கும். பிறகு பின்னால் எடுத்தேன். ஆட்கள் ஓடிவந்தார்கள். நான் இறங்கி ஆஸ்பத்திரி வாசலைப் பார்த்துக் கத்தினேன், "என் அண்ணனைத் தூக்குங்க! மொதல்ல என் அண்ணன்!"

அண்ணன் பிழைத்தான். நரம்பைத் தைத்தார்கள், ரத்தம் ஏற்றினார்கள். அந்த ஆளும் பிழைத்தான். இடுப்பெலும்பும் தொடையெலும்பும் போய், அதே ஆஸ்பத்திரியில் மேல் மாடியில் போலீஸ் காவலோடு கிடந்தான். என் புருவத்தில் தையல். டாக்டரம்மா வந்து வலது கண்ணுக்குள் விளக்கடித்து ரொம்ப நேரம் பார்த்தார். "உன் சொத்து பத்திரமா இருக்கு" என்று சொல்லிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கைச் சிந்தினார்.

வாக்குமூலம் வாங்கப் பெண் இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றதும் அண்ணன் கட்டுப்போட்ட கையால் என்னைக் கிட்டே கூப்பிட்டான்.

"இங்க பாரு. பாக்கலைன்னு சொல்லிடு. இடது பக்கம் எனக்குத் தெரியாது, ஆஸ்பத்திரிக்குத் திருப்பினேன், அவன் நின்னது தெரியலைன்னு சொல்லு. யாரு கேக்கப் போறா? கண்ணே இல்லையே! கேஸே நிக்காது."

நல்ல யோசனைதான். அழகாகப் பொருந்தியது. அந்த ஆள் பிடுங்கிய கண்ணே எனக்குச் சாட்சியாக வந்து நிற்கும். ஆனால் பாக்கலைன்னு சொல்லு என்று என்னிடம் சொன்ன இரண்டாவது ஆள் அண்ணன். முதல் ஆள் மேல் மாடியில் கிடந்தான்.

"பாக்கலைன்னா, நாளைக்கு எனக்கு யாருண்ணா வண்டி குடுப்பா?" என்றேன். "ஒத்தக்கண்ணி பாக்காம ஏத்திட்டான்னுதான ஊரே சொல்லும்? நீ சொன்னது சரின்னு ஆயிடாதா?"

"நான் ஏறினேன்ல?" என்றான். "ஜெயிலுக்குப் போயிடுவடி..."

"கம்பி உன் மடியில கிடந்துச்சு. என் லென்ஸ்ல கீறல் இருக்கு. ஊரே பாத்திருக்கு. அதையும் மீறி அனுப்புனா போறேன்."

இன்ஸ்பெக்டர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். என் வளைந்த கண்ணாடியைத் தடயமாகத் துணிப்பையில் போடப் போனார். அதைப் போடாமல் இருக்க மாட்டேன் என்றேன். மாற்றுக் கண்ணாடி வரும்வரைக்கும் போட்டுக்கொள்ள விட்டார். அவர் முகத்தின் குறுக்கே அந்த வெள்ளைக் கீறல் ஓடியது.

"நீங்க இடது பக்கம் திரும்புனப்ப அந்த ஆள் அங்க நின்னது உங்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை. அப்படித்தானம்மா?" என்றார். நல்ல மனுஷி. எழுதத் தயாராகவே வைத்திருந்தார்.

அண்ணன் என் இடப்பக்கக் கட்டிலில் மூச்சை இழுத்துப் பிடித்தது எனக்குத் தெரியவில்லை, கேட்டது.

"தெரியும்மா" என்றேன். "எனக்குக் கண்ணுதான் ஒண்ணு. கழுத்து நல்லாத்தான் இருக்கு. முழுசாத் திரும்பி அவன் மூஞ்சியப் பாத்தேன். கம்பியப் பாத்தேன், என் கண்ணைக் குறிவச்சதைப் பாத்தேன். பாத்துட்டுத்தான் திருப்புனேன். அப்படியே எழுதுங்க. எழுதினதை மேல போய் அவனுக்கும் படிச்சுக் காட்டுங்க."